எதிரிடை அனுபோகம்

பிறர் சொத்தை, அதன் உரிமையாளருக்கு எதிராக, தன்னுடையதாகவே நெடுங்காலம் ஆண்டு வருவதுதான் எதிரிடை அனுபோகம். ஆங்கிலத்தில் ‘அட்வர்ஸ் பொசஷன்’. இணையத்தில் சிலர் இதை ‘எதிர்மறை உடைமை’ என்று எழுதுகிறார்கள். எதிர்மறை என்றால் இல்லை என்பது. இங்கே இல்லாதது எதுவுமில்லை. ‘அட்வர்ஸ்’ என்பதன் லத்தீன் வேர், எதிராகத் திரும்பி நிற்பதைக் குறிக்கும். நம் வழக்கறிஞர்கள் எழுதும் ‘எதிரிடை’ அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அனுபோகம், அதே பொருளில் வழங்கும் சுவாதீனம் இரண்டும் வடசொற்கள். தனித்தமிழில் வேண்டுமானால் ‘எதிரிடை ஆட்சி’ என்பேன். பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்து’ என்று வருகிறதே, அந்த ஆளுதல்தான் இது.

யாருக்கு எதிராக? உரிமையாளருக்கு. இந்தியாவின் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 65-ஆம் இனப்படி, அனுபோகம் எதிரிடையாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் அவர் வழக்குப் போட வேண்டும். தவறினால் 27-ஆம் பிரிவின்படி அவருடைய உரிமையே அற்றுப்போகும். அரசு நிலமென்றால் 30 ஆண்டு.

குடியேறிய நாளும் எதிரிடையான நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். ஓர் உதாரணம். வெளிநாடு போகும் சித்தப்பா, ‘வீட்டைப் பார்த்துக்கோடா’ என்று 2001-இல் அண்ணன் மகனிடம் சாவியைக் கொடுக்கிறார். 2008-இல் அவன் சத்தமில்லாமல் வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றுகிறான். 2011 ஆகஸ்டில் சித்தப்பா காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விட, ‘உங்களுக்கு இதில் பாத்தியமே இல்லை, வீடு என்னுடையது’ என்று பதில் அனுப்புகிறான். 2020-இல் சித்தப்பா வழக்குத் தொடுக்கிறார்.

‘19 வருஷமாக இருக்கிறேன்’ என்பான் அண்ணன் மகன். எடுபடாது. அனுமதியோடு இருந்த வருஷங்கள் கணக்கில் சேரா. வரி மாற்றம் சித்தப்பாவுக்குத் தெரியாமல் நடந்தது. வரி ரசீது அவன் அங்கே இருந்ததைத்தான் காட்டும். உரிமையை நேருக்கு நேர் மறுத்தது 2011-இல். ஆக, ஒன்பது ஆண்டுதான். இதே வழக்கை அவர் 12 ஆண்டுக் கெடு முடிந்தபின் போட்டிருந்தால் கதை வேறு.

ஆகவே ‘நெடுங்காலமாக அனுபவித்து வருகிறேன்’ என்று பிரதிவாதி தன் எதிருரையில் ஒரு வரி எழுதினால் போதாது. கர்நாடக வக்ஃபு வாரிய வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் கேட்டவை: எந்தத் தேதியில் அனுபோகத்துக்கு வந்தார், அது எத்தன்மையது, எதிர்த்தரப்புக்குத் தெரியுமா, எத்தனை காலம், வெளிப்படையாகவும் இடையூறின்றியும் நடந்ததா. அந்தத் தேதியைச் சொல்லாத எதிருரை பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும்.

‘இது என் தாத்தா சொத்து, இல்லாவிட்டால் எதிரிடை அனுபோகம்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் ஆபத்து. அடுத்தவரை உரிமையாளர் என்று ஏற்காதவர், யாருக்கு எதிராக ஆண்டார்?

முன்பு இது பிரதிவாதியின் கேடயம் மட்டுமே என்ற கருத்து இருந்தது. ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்குக்குப் பின் (2019), 12 ஆண்டு நிறைந்தவர் வாதியாகவும் வந்து கேட்கலாம்.