ஊஞ்சல் அதிவேகமாகப் போவது எங்கே?

ஊஞ்சல் உயரே போகும்போது பெரியவர்கள் பதறுகிறார்கள். தரையை ஒட்டி வந்ததும் நிம்மதி அடைகிறார்கள். உச்சியிலிருந்து விழுந்தால் அடிபடும் என்பது உண்மைதான். ஆனால் குறுக்கே வருபவர் மீது ஊஞ்சல் மோதும் ஆபத்து அடியில்தான் மிக அதிகம்.

உச்சியில் ஊஞ்சல் ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. அப்போது இயக்க ஆற்றல் இல்லை. உயரத்தால் வந்த நிலை ஆற்றல் மட்டுமே இருக்கிறது. இறங்க இறங்க அது இயக்க ஆற்றலாக மாறுகிறது.

20 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். சங்கிலி மாட்டியிருக்கும் இடத்திலிருந்து குழந்தையின் உடல் நடுப்பகுதி வரை 2.5 மீட்டர். சங்கிலி செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால், குழந்தை அடிநிலையைவிட 1.25 மீட்டர் உயரத்தில் இருக்கும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்க வேண்டாம், ஊஞ்சலின் அடிநிலையிலிருந்து அளந்தால் போதும். நிலை ஆற்றல் 20 × 9.8 × 1.25 = 245 ஜூல். அடிக்கு வரும்போது அது முழுவதும் இயக்க ஆற்றலாகி, வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் ஆகிறது. காற்றும் கொக்கியின் உராய்வும் கொஞ்சம் தின்றுவிடும். ஒரே ஓர் இறக்கத்தில் அந்த இழப்பு சிறியது.

பாதி உயரத்தில் வேகமும் பாதிதான் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கே பாதியாக இருப்பது ஆற்றல். வேகம் நொடிக்கு 3.5 மீட்டர், உச்ச வேகத்தில் எழுபது சதவீதம். அதே ஊஞ்சலை 30 பாகையோடு நிறுத்திக்கொண்டால் அடியில் வேகம் 2.6 மீட்டர்தான், ஆற்றலோ 66 ஜூல். சாய்வைப் பாதியாக்கினால் மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட கால் பங்காகிறது. சிறு பிள்ளைகள் சுற்றி ஓடும் இடத்தில் இந்த ஒரு கட்டுப்பாடே பெரிது.

எடை கூடினால் வேகம் கூடாது, ஆற்றல் கூடும். 40 கிலோ பிள்ளை அதே 60 பாகையிலிருந்து அதே வேகத்தில்தான் வருவான். சுமந்து வருவது 490 ஜூல்.

அடிப்புள்ளியில் சங்கிலியும் அதிகம் தாங்குகிறது. 60 பாகை ஆட்டத்தில் அந்த இழுவிசை எடையைப் போல இரண்டு மடங்கு. தேய்ந்த கொக்கி பெரும்பாலும் அறுவது குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும்போது அல்ல, இந்த இடத்தில்தான்.

தள்ளுபவர் குழந்தை பின்னுச்சியை அடைந்து முன்னே திரும்பத் தொடங்கியதும் தள்ள வேண்டும். இன்னும் பின்னோக்கி வரும்போதே தள்ளினால் ஆற்றலைக் கூட்டாமல் குறைக்கிறோம்; மணிக்கட்டும் வலிக்கும்.

நிறுத்துவதும் அப்படித்தான். அடியில் குறுக்கே நின்று அரை மீட்டருக்குள் 245 ஜூலை அடக்கப் பார்த்தால் சராசரியாக 490 நியூட்டன் விசை வேண்டும். 50 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். குழந்தையும் முன்னே தூக்கி எறியப்படலாம். பின்னால் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு முறையும் அது பின்னுச்சியை நெருங்கும்போது இருக்கையை மெல்லத் தடுத்து ஆற்றலைக் குறையுங்கள். நாலைந்து ஆட்டத்தில் ஊஞ்சல் தானாக அடங்கும்.