சுண்டுவிரலும் டின்னரும்: வெளிநாட்டுப் பள்ளியில் ஒரு முதல் நாள்

செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி. தண்டையார்பேட்டையில் என் அறையைப் பூட்டப் போகும் நேரத்தில், எங்கள் தெரு ஆயா ஒருவர் செல்போனைப் பிடித்தபடி படியேறி வந்தார். "பேரனுக்குப் பேச்சு வர்லன்னு இஸ்கோல்ல எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. நீ கொஞ்சம் பாரு."

நான் குழந்தைகளுக்கான பேச்சு, மொழிப் பயிற்சியாளர். பேச்சு வரவில்லை என்று தினமும் யாராவது வருவார்கள். ஆனால் இந்தப் பையனை எனக்குத் தெரியும். மீன்காரம்மாவிடம் நின்று பேரம் பேசுகிற பிள்ளை. அம்மா ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்தில் வேலை கிடைத்து, ஆகஸ்டில் குடும்பமே போனது. பையனுக்கு ஆறு வயது. இங்கே யு.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்பில் இரண்டு மாதம் இருந்தவனை, அங்கே வயதைக் கணக்கிட்டு நேராக 'இயர் டூ'வில் உட்கார வைத்திருந்தார்கள். "இங்கிலீஷ் மீடியம்தானே, சமாளிச்சுக்குவான்" என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

வகுப்பு ஆசிரியையின் குறிப்பில் நான்கு விஷயங்கள் இருந்தன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. சொன்னதைச் செய்ய மறுக்கிறான். கழிப்பறைப் பழக்கம் சரியாக இல்லை. பேசுவதில்லை. இந்த நான்கையும் சேர்த்துப் படித்தால் எனக்கே ஆட்டிசமோ, காது கேட்பதில் குறையோ என்றுதான் முதலில் தோன்றும். அதனால் அம்மாவை வீடியோ அழைப்பில் பிடித்து, முதல் நாளை மட்டும் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னேன். மீதியைப் பையனே சொன்னான்.

பெயர் விஷயம் அட்மிஷன் படிவத்திலேயே தொடங்கியிருக்கிறது. நம் வழக்கப்படி இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் எழுதிவிட்டார்கள். ஆசிரியை அதையே குழந்தையின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, வருகைப் பதிவின்போது கூப்பிட்டிருக்கிறார். பையன் வாசலைப் பார்த்தான். "நைனா வந்துக்கிறாருன்னு நெனச்சேன்" என்றான் என்னிடம். குறிப்பில் அது 'திரும்புவதில்லை' என்று ஆகிவிட்டது.

பெயரை அழைத்த கையோடு, 'ஸ்கூல் டின்னரா, பேக்டு லஞ்சா?' என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்பார்கள். அங்கே பள்ளியில் மதியம் தரும் சாப்பாட்டுக்கு டின்னர் என்று பெயர். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2014 முதல் இயர் டூ வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அது இலவசம். நம் பையனுக்கு டின்னர் தெரியும். யு.கே.ஜி.யில் படித்திருக்கிறான்: பிரேக்ஃபாஸ்ட் காலை, லஞ்ச் மதியம், டின்னர் ராத்திரி. ஆகவே தன்னை ராத்திரி வரை இங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டான். அழ ஆரம்பித்தவன் மதியம் வரை அழுதிருக்கிறான். ஏன் அழுகிறான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இதைக் கேட்டபோது ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'சொன்னதைச் செய்ய மறுக்கிறான்' என்பது இன்னும் நுட்பமானது. நம் வகுப்புகளில் டீச்சர் "சிட் டவுன்" என்பார், உட்காருவோம். அங்கே ஆசிரியை சிரித்த முகத்தோடு, 'கம்பளத்தில் வந்து உட்கார விருப்பமா?' என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அது கட்டளை, கேள்வியின் உருவத்தில் வருகிறது. இவன் உண்மையான கேள்வி என்று நினைத்து, மரியாதையாக "நோ மிஸ்" என்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது, நாம் சரி என்பதற்குப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அப்படித் தலையாட்டினான். அவர் அதை வேண்டாம் என்று படித்துக்கொண்டு பாட்டிலை எடுத்துப் போய்விட்டார்.

பிறகுதான் சுண்டுவிரல். இங்கே எந்தப் பள்ளியிலும் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினால் ஒன்னுக்குப் போகணும் என்று பொருள். அவனும் காட்டினான். ஆசிரியை அன்பாகச் சிரித்து, தானும் சுண்டுவிரலைக் காட்டினார். இரண்டாவது முறையும் காட்டினான். மூன்றாவது முறை காட்ட வேண்டியிருக்கவில்லை. நாற்காலி நனைந்துவிட்டது. வேறு 'பேன்ட்ஸ்' தரட்டுமா என்று கேட்டு ஒரு ஜட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், அங்கே அந்தச் சொல்லுக்கு உள்ளாடை என்றுதான் பொருள். வெறும் ஜட்டியோடு வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள் என்று எண்ணி அவன் கழிப்பறையை விட்டு வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் அவன் வாயைத் திறக்கவில்லை.

தெரியாத சொல் வந்தால் குழந்தை முழிக்கும், பெரியவர்களுக்கும் புரிந்துவிடும். தெரிந்த சொல்லோ சைகையோ வேறு பொருளில் வந்தால் இரண்டு பக்கமும் புரிந்ததாகவே நினைத்துக்கொள்வார்கள். அதனால்தான் யாரும் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அன்றே தமிழில் அவனைச் சோதித்தேன். பையிலிருந்து நீலப் பென்சிலை எடுத்து, அம்மாவிடம் காட்டிவிட்டு, தலையணைக்கு அடியில் வை என்றேன். மூன்று வேலையையும் வரிசை மாறாமல் செய்தான். விமானப் பயணத்தைச் சொல்லச் சொன்னேன். 'அப்புறம்', 'ஆனா', 'அதனால' எல்லாம் இடத்துக்கு இடம் சரியாக விழ, இருபது நிமிடம் பேசினான். மொழி வளர்ச்சிக் குறைபாடு இருந்தால் அது தாய்மொழியிலும் தெரியும். புது மொழியில் மட்டும் தடை என்றால் அது குறைபாடு ஆகாது. இங்கிலாந்துச் சட்டமும் இதையே சொல்கிறது: வீட்டு மொழி வேறு என்பதற்காக மட்டும் ஒரு குழந்தையைக் கற்றல் குறைபாடு உள்ளவராகக் கருதக் கூடாது என்று 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தில் இருக்கிறது. காதை மட்டும் வீடியோவில் சோதிக்க முடியாது. அதை அங்கே பார்க்கச் சொன்னேன், கேட்கும் திறன் சரியாகவே இருந்தது.

பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அவனை எப்படிக் கூப்பிட வேண்டும், தலையாட்டலுக்கும் சுண்டுவிரலுக்கும் என்ன பொருள், வேலை சொல்லும்போது கேள்வியாக இல்லாமல் நேராகச் சொல்லுங்கள், இவ்வளவுதான். வெளிநாடு கிளம்பும் பெற்றோர் எல்லோரும் இதை முதல் நாளே கையில் கொடுக்கலாம். கழிப்பறைக்குக் கேட்கும் ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டில் பத்து நாள் சொல்லிப் பழக்குங்கள்.

புது மொழியில் போய் விழுந்த குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது சாதாரணம். அப்போது அது கையைக் காட்டும், சிரிக்கும், மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துச் செய்யும், வீட்டில் பழையபடி பேசும். வீட்டுத் தமிழும் குறைந்தாலோ, முன்பு வந்த சொற்கள் போனாலோ தாமதிக்காதீர்கள். பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலும் உடல் விறைத்து நின்று, அங்கே தமிழ் பேசுகிற பிள்ளையிடம் கூட வாய் திறக்காவிட்டாலும் காட்டியாக வேண்டும். அது தேர்ந்த மௌனம் என்கிற பதற்றக் கோளாறாக இருக்கலாம்.

அம்மா கேட்ட கடைசிக் கேள்வி: "இனிமே வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசட்டுமாக்கா?" வேண்டாம் என்றேன். நைட் டியூட்டி முடித்து வந்து தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசினால் நாளுக்கு நாலு வாக்கியம்தான் பேசுவாள். அவனுக்குக் கதையும் சண்டையும் கொஞ்சலும் வேண்டும், அது அவளுக்குத் தமிழில்தான் வரும்.

நவம்பரில் ஆயா மறுபடி வந்தார். விளையாட்டு மைதானத்தில் சறுக்குமரத்து வரிசையில் யாரோ முந்தியபோது பையன் "மை டர்ன்" என்று கத்தினானாம். வகுப்பில் இன்னும் பேசவில்லை. ஜனவரியில் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.