முதல் ஐந்நூறு ரூபாய்

வட சென்னையில் கடன் ஆலோசனை சொல்வது என் வேலை. முன்பு வங்கியில் இருந்தேன். இப்போது வாரம் மூன்று நாள் வியாசர்பாடிப் பக்கம் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கணக்கை நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள். யாரிடமும் மாத வருமானம் என்ன என்று கேட்பதில்லை. அப்படி ஒன்று அவர்களுக்குக் கிடையாது. "இன்னிக்குக் காலையில கையில எவ்வளவு இருந்துச்சு?" என்றுதான் ஆரம்பிப்பேன். "ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்தால், அடுத்துக் கேட்க வேண்டியது தெரிந்துவிடும்: அப்படியானால் இன்றைய சரக்கை யார் காசில் வாங்கினார்கள்?

2023 செப்டம்பரில் வந்த ஒரு அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். தெருமுனையில் சாக்கு விரித்துக் காய்கறி விற்பவர். விடியுமுன் கோயம்பேடு போவார். மார்க்கெட் வாசலில் ஒருவரிடம் 2,000 ரூபாய் வாங்கிச் சரக்கு எடுப்பார். சாயந்திரம் அவர் ஆளிடம் 2,100 கொடுப்பார். மறுநாள் விடிகாலையில் மறுபடியும் 2,000. நாள் வட்டி என்பது இதுதான். ஆறு வருஷமாக இப்படியே ஓடுகிறது என்றார்.

நல்ல நாளில் 2,600 ரூபாய்க்கு விற்கும். ஷேர் ஆட்டோ, மூட்டை கூலி, அழுகியது எல்லாம் சேர்த்து 150 போகும். மிச்சம் 450. நாள் வட்டி 100. இது போதாதென்று தண்டல் வேறு இருந்தது. அட்டையில் 10,000 என்று எழுதி, 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் 8,500 கொடுத்திருந்தார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூறு கட்டம் போட்ட அந்த அட்டையை எனக்குக் காட்டினார். கட்டிய நாளுக்கு ஒரு கிறுக்கல், கட்டாத நாளுக்கு ஒரு சுழி. ஆக, வீட்டுக்குப் போவது 250.

எந்தக் கடன் பெரிசு என்று கேட்டேன். யோசிக்காமல் தண்டல் என்றார். தொகையில் அது பெரிசுதான். ஆனால் கணக்குப் போட்டால் தண்டலின் வட்டி மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வருகிறது. ஊரில் பத்து வட்டி என்கிறோமே, அதுதான். அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் நாள் வட்டி நூற்றுக்கு ஐந்து, அதுவும் ஒரே பகலுக்கு. மாதம் 26 நாள் வியாபாரம் என்றால் 2,000 ரூபாய்க்கு 2,600 ரூபாய் வட்டி கட்டுகிறார். முதல் அப்படியே நிற்கிறது. "நூறு ரூபா தானே சார்" என்றார். ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு மாதிரி அவர் மனதில் அது செலவுக் கணக்கில் போய்விட்டது. கடனாகவே தெரியவில்லை.

சரி, இதிலிருந்து வெளியே வர எவ்வளவு வேண்டும்? தினம் 20 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். அடுத்த நாள் 1,980 மட்டும் கடன் வாங்கலாம், வட்டியில் ஒரு ரூபாய் மிச்சம், அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று போனால் 37 வியாபார நாளில் கடனே வேண்டாம். ஏட்டில் எழுதிக் காட்ட அழகாக இருக்கும். நானும் ஆரம்ப காலத்தில் இப்படித்தான் பலருக்கு எழுதிக் காட்டினேன்.

ஒருவர்கூட அப்படி வெளியே வரவில்லை. ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. மார்க்கெட் வாசலில் இருப்பவர் 1,980 கொடுக்க மாட்டார். 2,000 கொடுப்பார், இல்லாவிட்டால் 1,500. ஐந்நூறு ஐந்நூறாகத்தான் இறங்க முடியும். அதனால் முதல் 500 சேரும்வரை வட்டியில் ஒரு பைசா குறையாது. தினம் 20 என்றால் அதற்கே 25 நாள். அதன்பின் நாளுக்கு 25 ரூபாய் வட்டி மிச்சமாகும், 45 ஆகச் சேரும், அடுத்த 500-க்கு 12 நாள் போதும். மூன்றாவது 500-க்கு 8 நாள், கடைசிக்கு 6 நாள். மொத்தம் 51 நாள். அதில் பாதி, முதல் படி ஏறுவதற்கே. அந்த 25 நாளும் எந்தப் பலனும் கண்ணில் தெரியாமல், ஒற்றை அறை வீட்டில், நாலு பேர் பார்வையில், ஒரு டப்பாவில் அந்தக் காசு இருந்தாக வேண்டும்.

அக்கா முயன்றார். டப்பா வேண்டாம் என்று மளிகைக் கடை அண்ணாச்சியிடம் தினம் 20 கொடுத்து வைத்தார். 19-ஆவது நாள், 380 ரூபாய் சேர்ந்திருந்தபோது, பையனுக்குக் காய்ச்சல். ஊசி, மருந்து, ரத்தப் பரிசோதனை. இரண்டு நாள் வியாபாரமும் போனது. 380-ஐ வாங்கினார், பத்தாமல் அண்ணாச்சியிடமே அரிசியும் கடனுக்கு எடுத்தார். மறு வாரம் வந்து, "நமக்கு இதெல்லாம் ஒத்து வராது சார்" என்றார். ஒத்து வராதது அவருக்கு அல்ல, என் கணக்குக்குத்தான். 25 நாளில் வீட்டில் ஒன்றுமே நடக்காது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. காய்ச்சல், பள்ளிக்கூடத்து ஷூ, சாவுக்கு மாலை, மழை என்று ஏதாவது ஒன்று மாதம் தவறாமல் வரும். வசதியான வீட்டில் அது ஒரு செலவு. இங்கே அது சேமிப்பின் அடிவேரையே பிடுங்கிவிடுகிறது.

அப்புறம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். அவர் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஒரு வாரம் வியாபாரம் இல்லை, பாயும் அடுப்பும் போயின. அந்த மாதக் கடைசியில் அரசு நிவாரணமாக ரேஷன் கடையில் 6,000 ரூபாய் ரொக்கம் கிடைத்தது. அவர் கையில் ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் வந்து பல வருஷமாயிற்று. அதில் 4,200-ஐக் கொண்டுபோய் ஒரே தடவையில் தண்டலை முடித்துவிட்டு, அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, சந்தோஷமாக என்னிடம் சொல்ல வந்தார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. தண்டலில் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். இன்னும் 42 நாள் பாக்கி இருக்கும்போது மொத்தமாகக் கட்டினாலும் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி கிடையாது. அந்த 4,200 அவருக்கு எதையும் மிச்சப்படுத்தவில்லை. அதற்குப் பதில் 2,000-ஐ மட்டும் சரக்குக்கு வைத்திருந்தால் நாள் வட்டி அன்றோடு நின்றிருக்கும். தினம் மிச்சமாகும் அந்த 100 ரூபாயே தண்டலின் 100-ஐக் கட்டியிருக்கும். 42 நாளில் தண்டல் தானாக முடிந்திருக்கும், கையிலும் 2,200 இருந்திருக்கும்.

இதை அவரிடம் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அவன் வாசல்ல வந்து நிக்கறான் சார். பக்கத்து வூட்ல எல்லாம் பாக்கறாங்க. மார்க்கெட்காரரு யாருக்கும் தெரியாம குடுக்கறாரு, தெரியாம வாங்கறாரு" என்றார். இன்னொன்றும் சொன்னார்: பழைய அட்டை முடிந்தால்தான் புது அட்டை போடுவார்கள். பத்தே நாளில் புது அட்டை போட்டார். 5,000 என்று எழுதி 4,250 கையில், நாளைக்கு 50. அடுப்பு, பாய், வாடகை பாக்கி.

இங்கே ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகள் சிலரின் வட்டிக்கடனை மொத்தமாக அடைத்துப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான முடிவு: பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குப் போய்விட்டார்கள். இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, இவர்களைத் திருத்த முடியாது" என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. கடனை அடைத்தால் வியாபாரத்துக்கு முதல் கிடைக்கிறது. ஆனால் அடுத்த காய்ச்சலுக்கு ஒதுக்கி வைத்த காசு கிடைப்பதில்லை. அந்தக் காய்ச்சல் வந்ததும் கை எட்டுவது சரக்குக்கான முதலைத்தான். இது என் அனுபவத்தில் படும் காரணம், எல்லோருக்கும் இதுவே என்று சொல்ல மாட்டேன்.

2024 பொங்கலுக்கு ரேஷன் கடையில் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். இந்த முறை அது வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொண்டோம். மழைக்காலம் முடிந்திருந்தது, அதுவும் உதவி. ஆயிரமும் அப்படியே சரக்குக்குப் போனது. முதல் இரண்டு படி ஒரே தாவலில். மார்க்கெட்காரரிடம் 1,000 மட்டும் கடன், வட்டி 50. மிச்சமான 50-ஓடு 20 சேர்த்து நாளுக்கு 70. எட்டு நாளில் மூன்றாவது 500, அடுத்த ஆறு நாளில் நான்காவது. 14 வியாபார நாள், நடுவில் ஒரு கல்யாணத்தால் 17 ஆனது. பிப்ரவரி முதல் வாரத்தில் முதன்முறையாகத் தன் காசில் கத்திரிக்காய் மூட்டை எடுத்தார்.

நான் பிடிவாதமாக நின்றது அதற்குப் பிறகுதான். வட்டி நின்ற பிறகும் வாரம் 300 ரூபாயைத் தன் மகளிர் சுயஉதவிக் குழுவில் கட்ட வேண்டும் என்றேன். அண்ணாச்சி கடையில் வேண்டாம். அங்கே காசு அரிசியாகவும் எண்ணெயாகவும் மாறிவிடும், அண்ணாச்சி மேல் தப்பில்லை. வங்கி, அவர் வியாபாரம் பார்க்கும் நேரத்தில்தான் திறந்திருக்கிறது. ஐந்து வாரத்தில் 1,500 சேர்ந்தது. இது காய்ச்சலுக்கு, சரக்குக் காசைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தம். ஏப்ரலில் மறுபடி காய்ச்சல் வந்தது. 900 எடுத்தார். சரக்குக் காசு அப்படியே இருந்தது.

வழக்கமாக இரண்டு கேள்வி வரும். தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறதே, புகார் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம். மிரட்டல் இருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டும், நானே கூடப் போயிருக்கிறேன். ஆனால் விடிகாலை நாலு மணிக்குக் கேள்வி கேட்காமல் காசு கொடுக்கும் ஒரே ஆளை, வேறு வழி கையில் இல்லாமல் போலீஸில் காட்டிக்கொடுக்க யாரும் முன்வருவதில்லை. இரண்டாவது, 2020-ல் வந்த பிஎம் ஸ்வநிதி கடன். முதல் தடவை 10,000 தந்தார்கள், 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். பத்தாயிரத்துக்கு மாதத் தவணை ஆயிரத்துக்குள் முடியும், நாள் வட்டி 2,600-க்கு முன் அது ஒன்றுமே இல்லை. ஆனால் மாநகராட்சியின் வியாபாரி அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டும். சாக்கு விரித்து இடம் மாறி மாறி உட்காரும் அக்காவிடம் அப்போது இரண்டுமே இல்லை. கிடைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வந்த பணத்தில் முதல் 2,000 சரக்குக்கு. தண்டல்காரர் வாசலில் நின்றாலும் அவருக்கு அன்றைய தவணை மட்டும்.

போன மாதம் அந்த அக்காவின் நோட்டைப் புரட்டியபோது ஒரு வரி புரியவில்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் "மார்க்கெட் 500, வட்டி 25" என்று இருந்தது. கையில் காசு இருந்த நாள் அது. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"நம்மள மறந்துடக் கூடாது இல்ல சார். மழை வந்தா அவருகிட்டதான போய் நிக்கணும்."

அந்த 25-ஐ நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது அதைச் செலவுக் கணக்கில்தான் எழுதுகிறோம்.