தன்னுண்ணல் (ஆட்டோபேஜி): சொல் விளக்கம்

செல் தனக்குள்ளேயே தேய்ந்து பழுதான நுண்ணுறுப்புகளைச் சவ்வால் சூழ்ந்து, செரிக்கும் நொதிகள் நிறைந்த பையான லைசோசோமில் சிதைத்து, அதில் கிடைக்கும் அமினோ அமிலம் போன்ற மூலப்பொருள்களை மீண்டும் கட்டுமானத்துக்கு எடுத்துக்கொள்ளும் செயலே ஆட்டோபேஜி. லைசோசோமைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ், 'தான்', 'உண்ணுதல்' எனப் பொருள்படும் கிரேக்க வேர்களை இணைத்து 1963இல் இச்சொல்லை ஆக்கினார். தமிழில் 'தன்னுண்ணல்' என்பதே பொருத்தமானது. வெளியிலிருந்து வந்ததைச் செரிக்கும் ஹெட்டிரோபேஜியை 'அயலுண்ணல்' என்றால் இரண்டும் இணையாக நிற்கும். 'தற்சிதைவு' என்பதை இங்கே ஆளக் கூடாது. அது செல்லே அழியும் ஆட்டோலிசிசைக் குறிக்கும். தன்னுண்ணலிலோ செல் பிழைத்திருக்கிறது.

சென்னைக் கல்லூரிகளில் விலங்கியல் படிப்போர் பலர், தன்னுண்ணல், அயலுண்ணல் இரண்டும் லைசோசோமில்தானே முடிகின்றன என்று எண்ணி இவற்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. வேறுபாடு தொடக்கத்தில் இருக்கிறது. வெள்ளையணு ஒரு பாக்டீரியாவை விழுங்கும்போது செல்லின் புறச்சவ்வே உள்வாங்கிப் பையாகிறது. ஆகவே பாக்டீரியா சைட்டோபிளாசத்தைத் தொடாமலேயே ஒற்றைச் சவ்வுக்குள் அடைபட்டு வருகிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியா அப்படியன்று. அது சைட்டோபிளாசத்திலேயே கிடப்பதால், அதனைப் பிரித்தெடுக்கப் புதிதாக ஒரு சவ்வு வளர வேண்டும். தட்டையான பைபோன்ற அச்சவ்வு வளைந்து வளர்ந்து, மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வாய் மூடிக்கொள்ளும்போது, பையின் இரு முகங்களும் இரு சுவர்களாகி, ஆட்டோபேகோசோம் என்னும் இரட்டைச் சவ்வுறை உருவாகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவ்விரட்டைச் சுவரே முதல் அடையாளம். லைசோசோமுடன் வெளிச்சுவர் இணைந்தபின், உட்சுவரும் உள்ளிருப்பதும் சேர்ந்தே நொதிகளால் கரைகின்றன.

எதை உண்பது என்ற தேர்வும் இங்கே நுட்பமானது. நலமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் மின்னழுத்த வேறுபாடு இருக்கும்வரை, பிங்க்1 என்னும் புரதம் உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைந்துவிடுகிறது. அவ்வேறுபாடு குலைந்தால் பிங்க்1 வெளிச்சவ்விலேயே தேங்கி, பார்கின் என்னும் புரதத்தை வரவழைக்கிறது. பார்கின் மேற்பரப்பெங்கும் யுபிகுட்டின் என்னும் சிறு புரதத்தைக் குறிகளாகப் பதிக்க, அவற்றைப் பற்றிக்கொண்டே சவ்வு வளர்கிறது. இவ்விரு புரதங்களின் மரபணுக்கள் பழுதானால் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வரலாம்.

ஆய்வுக்கூடத்தில் ஆட்டோபேகோசோம்கள் மிகுந்து தெரிந்தால் தன்னுண்ணல் பெருகியதென்று முடிவு செய்யக் கூடாது. லைசோசோம் பழுதாகி அவை கரையாமல் தேங்கினாலும் எண்ணிக்கை கூடும். லைசோசோமின் வேலையைத் தடுக்கும் குளோரோகுயினைச் சேர்த்துப் பார்ப்பார்கள்: எண்ணிக்கை மேலும் ஏறினால், ஆட்டோபேகோசோம்கள் உருவாகிக் கரையும் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது, மாறாதிருந்தால் வழி முன்பே அடைபட்டிருந்தது.