குச்சி எங்கே நிற்கிறது? படத்தை வைத்துப் பசுவின் எடையைக் கணக்கிடும் முறை

பசுவைப் பக்கவாட்டில் நிற்கவைத்து ஒரு படம் எடுக்கிறோம். எடையைக் கணக்கிட மார்புச் சுற்றளவு வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் சுற்றளவு என்று ஒன்று தெரிவதே இல்லை. முதுகிலிருந்து நெஞ்செலும்பு வரையிலான உயரம் மட்டும்தான் தெரிகிறது. மார்பு எவ்வளவு அகலம், மறுபக்கம் எப்படி வளைகிறது என்பதெல்லாம் மாட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அருகில் ஒரு குச்சியை நிறுத்திப் படம் எடுத்து எடை சொல்லும் முறை இந்த இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். அதைத் தாண்டினாலும், அந்தக் குச்சியை எங்கே நிறுத்தினோம் என்பதில் அறுபது கிலோவோ அதற்கு மேலுமோ தவறிவிடலாம்.

முதலில், டேப்பைக் கொண்டு நேரில் அளந்து எடை காணும் வழியைப் பார்த்துவிடுவோம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இதை ஷேஃபர் சூத்திரம் என்பார்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் டேப்பைச் சுற்றி மார்புச் சுற்றளவை எடுக்க வேண்டும். தோளின் முன்முனையிலிருந்து, வாலின் அடியில் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு முனை வரை உள்ளது நீளம். அங்குலத்தில் அளந்தால் 300ஆல் வகுக்க வேண்டும், விடை பவுண்டில் வரும். சென்டிமீட்டரில் அளந்து கிலோவில் விடை வேண்டுமென்றால் சூத்திரம் இப்படி மாறும்:

எடை = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10840

இந்த 10840 எங்கிருந்து வந்தது? மாட்டின் உடலை ஒரு எண்ணெய்ப் பீப்பாயாக நினைத்துக்கொள்ளுங்கள். பீப்பாயின் சுற்றளவைத் தன்னாலேயே பெருக்கி 4π ஆல் வகுத்தால் வட்ட முகத்தின் பரப்பு வரும். அதை நீளத்தால் பெருக்கினால் கன அளவு. உடலின் அடர்த்தி ஏறத்தாழ தண்ணீரின் அடர்த்திதான் என்பதால், ஆயிரம் கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. எல்லாவற்றையும் சேர்த்தால் 12566ஆல் வகுக்கச் சொல்கிறது வடிவியல். சூத்திரமோ அதைவிடச் சிறிய 10840ஆல் வகுக்கிறது, அதனால் விடை சுமார் 16 சதவீதம் கூடுகிறது. பீப்பாயில் இடம்பெறாத தலை, கழுத்து, கால்கள், மார்பைவிடப் பெருத்த வயிறு ஆகியவற்றின் எடை அந்தக் கூடுதலில் அடங்கிவிடுகிறது.

ஒரு கலப்பின ஜெர்சி பசு. சுற்றளவு 165 செ.மீ., நீளம் 140 செ.மீ. வெறும் பீப்பாய்க் கணக்கில் 303 கிலோ, சூத்திரப்படி 352 கிலோ. சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனிக்கவும். அதில் ஒரு சதவீதம் தவறினால் எடையில் இரண்டு சதவீதம் தவறும். நீளத்தில் தவறினால் அவ்வளவு பாதிப்பில்லை.

இனி இதே பசுவைப் படத்தில் பிடிப்போம். ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டிய பிவிசி பைப், இரு முனையிலும் சிவப்பு டேப். முனைகள் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் போதும், இடையில் கோடுகள் தேவையில்லை. நான்கு மீட்டர் தள்ளி, கேமராவை மாட்டின் மார்பு உயரத்துக்கு இறக்கிப் படம் எடுக்கிறோம். கைபேசியின் அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்களை அது இழுத்துவிடும். படத்தில் குச்சி 600 பிக்சல் உயரம் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு 6 பிக்சல். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் உயரம் 372 பிக்சல். ஆக 62 செ.மீ.

மார்பின் குறுக்குவெட்டு வட்டமல்ல, நிமிர்ந்து நிற்கும் நீள்வட்டம். உயரம் 62, அகலம் 42 என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு என்ன? நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு எளிய, துல்லியமான சூத்திரம் கிடையாது. மிக நெருங்கி வரும் ஒன்றை 1914இல் வெளியான கட்டுரையில் கொடுத்தவர் ராமானுஜன். பாதி உயரம் அ, பாதி அகலம் ஆ என்றால்:

சுற்றளவு = π × [3(அ + ஆ) − √((3அ + ஆ)(அ + 3ஆ))]

அ = 31, ஆ = 21 என்று போட்டால் 164.9 செ.மீ. வருகிறது. டேப் சொன்னது 165. மாட்டுத் தொழுவத்தில் ராமானுஜனுக்கு வேலை வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

சிக்கல் அந்த 42 என்ற அகலத்தில் இருக்கிறது. முன்னால் நின்று எடுத்தால் தலையும் தோளும் மறைக்கும். பின்னால் நின்றால் இடுப்பும் வயிறும் மறைக்கும். மேலே இருந்து எடுக்கச் சிலர் கொட்டகை விட்டத்தில் கேமரா கட்டுகிறார்கள். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அது ஆகிற காரியமல்ல. அவருக்கு எளிய வழி ஒன்று உண்டு: விகிதம். நம் பசுவில் சுற்றளவு 165, உயரம் 62. வகுத்தால் 2.66. தன்னிடமும் பக்கத்து வீடுகளிலும் உள்ள அதே இன மாடுகள் சிலவற்றை ஒரே நாளில் டேப்பாலும் அளந்து, படமும் எடுத்து, இந்த விகிதத்தின் சராசரியைக் கண்டுவைத்துக்கொண்டால், பிறகு பக்கவாட்டுப் படம் ஒன்றே போதும்.

ஆனால் அந்த விகிதம் உடல்வாகைப் பொறுத்தது. மாடு மெலிந்தால் மார்பின் உயரம் அவ்வளவாகக் குறையாது, விலாதான் ஒட்டும். அதே 62 செ.மீ. உயரத்துக்கு அகலம் 38 ஆகிவிட்டால் உண்மையான சுற்றளவு 159 செ.மீ. சொச்சம், எடை 328 கிலோ. விகிதம் 2.57 ஆகிவிட்டது. நாம் பழைய 2.66ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் படம் இன்னும் 352 என்றே சொல்லும். நோஞ்சான் மாட்டைப் படம் எப்போதும் கொஞ்சம் தேற்றித்தான் காட்டும். விலா எலும்புகள் எண்ணும்படி தெரிகிற மாட்டுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் டேப்பை எடுப்பதே மேல்.

இப்போது குச்சிக்கு வருவோம். பெரும்பாலானோர் குச்சியை மாட்டின் வயிற்றில் சாய்த்து வைத்துப் படம் எடுப்பார்கள். கைக்கு வசதி அதுதான், மாடும் கண்டுகொள்ளாது. ஆனால் படத்தில் மார்பின் மேல் விளிம்பாகத் தெரிவது முதுகெலும்பு, கீழ் விளிம்பாகத் தெரிவது நெஞ்செலும்பு. இரண்டும் மாட்டின் நடுக்கோட்டில் இருப்பவை. வயிற்றில் சாய்ந்த குச்சியோ அந்தக் கோட்டிலிருந்து 30 செ.மீ. அளவுக்குக் கேமராவின் பக்கம் வந்துவிட்டது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். குச்சி பெரிதாகத் தெரிந்தால், அதை வைத்து அளக்கப்படும் மாடு சிறுத்துப்போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமரா நடுக்கோட்டிலிருந்து 4 மீட்டர், குச்சி 3.7 மீட்டர். மார்பின் உயரம் 62க்குப் பதில் 57 சொச்சம் என்று வரும். சுற்றளவும் 165இலிருந்து சுமார் 152.6க்கு இறங்கும். நீளமும் 140இலிருந்து சுமார் 135.6க்குக் குறையும். முடிவில் கிடைப்பது 291 கிலோ. அறுபது கிலோ காணவில்லை! இடம் போதவில்லை என்று 2 மீட்டரில் நின்று எடுத்தால் 237 கிலோதான் வரும். தள்ளிப்போய் எடுத்தால் சரியாகிவிடுமா என்றால், 8 மீட்டரில்கூட 321 கிலோ போலத்தான் வரும். தூரம் பிழையைக் குறைக்கும், போக்காது. குச்சியை நடுக்கோட்டுக்குக் கொண்டுபோனால்தான் போகும். மூக்குக்கு முன்னாலோ வாலுக்குப் பின்னாலோ, முதுகெலும்பின் நீட்சியில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். நடுக்கோடு எங்கே என்று தேட வேண்டாம், இரண்டு முன்னங்குளம்புகளுக்கும் நடுவே போகும் கோடுதான் அது.

நீளத்துக்கு மட்டும் இதில் ஒரு சிறு திருத்தம் தேவை. தோள்முனையும் பின்னெலும்பு முனையும் நடுக்கோட்டில் இல்லை, நம் பக்கம் துருத்தி நிற்கின்றன. சராசரியாக 18 செ.மீ. என்று கொண்டால், நான்கு மீட்டர் தூரத்தில் 140 செ.மீ. நீளம் படத்தில் 146, 147 என்று காட்டும். வந்த நீளத்தை 382ஆல் பெருக்கி 400ஆல் வகுத்தால் சரியாகிவிடும். இதை மறந்தால் எடையில் 16 கிலோ போலக் கூடும்.

மாடு கோணலாக நின்றதா என்பதைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்க இரண்டு குச்சிகள் உதவும். ஒன்று மூக்குக்கு முன், மற்றொன்று வாலுக்குப் பின், ஒரே நீளம். படத்தில் இரண்டும் சம உயரமாக இருந்தால் மாடு நேராக நிற்கிறது. ஒன்று 612 பிக்சல், மற்றது 588 என்றால் கோணம் நான்கு டிகிரிக்கும் குறைவு, இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்று மற்றதைவிடக் கால் பங்கு உயரமாகத் தெரிந்தால் மாடு இருபது டிகிரி திரும்பியிருக்கிறது, நீளத்தில் ஆறு சதவீதம் காணாமல் போயிருக்கும். அந்தப் படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

விளிம்பைக் குறிப்பதிலும் இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். காங்கேயம் போன்ற நாட்டு மாடுகளில் மேல் புள்ளியைத் திமிலின் உச்சியில் வைத்துவிடக் கூடாது. டேப் சுற்றும்போது திமிலுக்குப் பின்னால்தானே சுற்றுகிறோம், புள்ளியும் அங்கேதான். கீழ்ப் புள்ளி அலைதாடியில் போய்விடாமல் முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சுத் தோல் முடியும் இடத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? புழு நீக்கப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை எடுத்துக்கொள்வோம். ஒரு சதவீதக் கரைசல் என்றால் 50 கிலோ உடல் எடைக்கு 1 மில்லி. 352 கிலோ மாட்டுக்கு 7 மில்லி போட வேண்டும். குச்சியை வயிற்றில் சாய்த்த படத்தை நம்பினால் 5.8 மில்லி. போதாத மருந்தில் தப்பிய புழுக்கள்தான் அடுத்த தலைமுறையைப் பெருக்கும், மருந்து பிறகு வேலை செய்யாமல் போகும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் படத்துக்குத் தெரியாத எடை சில உண்டு. தாகத்தோடு வந்த பசு ஒரே மூச்சில் 20 லிட்டர் தண்ணீர் குடித்தால் 20 கிலோ ஏறிவிடும், மார்புச் சுற்றளவு அசையாது. நிறைமாதச் சினையில் கன்று, பனிக்குட நீர், நச்சுக்கொடி என நாற்பது, ஐம்பது கிலோ வயிற்றில் இருக்கும், அதையும் மார்பு காட்டாது. டேப்பால் அளந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் குறை சூத்திரத்தில் இருக்கிறது.

பிக்சலைக் குறிக்கும் கைக்கும் ஒரு எல்லை உண்டு. 372 என்பதை 375 என்று குறித்தாலே எடை 5, 6 கிலோ கூடிவிடும். காலையில் தீனிக்கும் தண்ணீருக்கும் முன், ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் மாதாமாதம் படம் எடுத்து வருபவர் 10 கிலோ ஏறியது, இறங்கியது என்பதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 30 கிலோ இறங்கியிருந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போகலாம்.