நெகிழ்ச்சி என்றே சொல்லுங்கள், 'மாற்ற வீதம்' வேண்டாம்

என் அக்கா மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். பயிற்சி வகுப்பில் கொடுத்த குறிப்பேட்டைப் போன வாரம் கொண்டுவந்து காட்டினாள். விலை மாறும்போது தேவை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைப் பொருளியல் பாடநூல் "தேவை நெகிழ்ச்சி" என்று சொல்கிற இடத்திலெல்லாம் அதில் "தேவை மாற்ற வீதம்" என்று போட்டிருக்கிறது. இந்தச் சொல்லை நான் பார்ப்பது முதல் தடவையல்ல. 'எளிமையாகச் சொல்கிறோம்' என்று ஆளாளுக்கு இதை எடுத்துக்கொள்கிறார்கள். எளிமைதான், ஆனால் அது வேறொரு பொருளின் பெயர். அந்தப் பெயரை நம்பிப் போனதால் அவள் ஒரு கேள்வியில் தப்பான விடையைக் குறித்துவிட்டு, ஏன் தப்பு என்றே தெரியாமல் என்னிடம் வந்தாள்.

கேள்வி இதுதான். ஒரு கடையில் டீ விலை 10 ரூபாயிலிருந்து 12 ரூபாயாகிறது, நாள் விற்பனை 500 டீயிலிருந்து 450 ஆகக் குறைகிறது. விலை சார்ந்த தேவை நெகிழ்ச்சி எவ்வளவு? அ) -0.5, ஆ) -2, இ) -25, ஈ) -0.04. அவள் குறித்தது இ.

கணக்கு சின்னது. விற்பனை 500-இல் 50 குறைந்தது, அதாவது 10 சதவீதம். விலை 10-இல் 2 கூடியது, அதாவது 20 சதவீதம். தேவையின் சதவீத மாற்றத்தை விலையின் சதவீத மாற்றத்தால் வகுக்க வேண்டும், -10-ஐ 20-ஆல் வகுத்தால் -0.5. விடை அ. விலை ஏறும்போது தேவை இறங்குவதால்தான் கழித்தல் குறி. பல நூல்கள் அதை விட்டுவிட்டு 0.5 என்றே எழுதும். ஆ என்பது தலைகீழாக வகுத்தவர்களுக்கு வைத்த பொறி.

இ எங்கிருந்து வந்தது? 50 டீயை 2 ரூபாயால் வகுத்தால் 25. ரூபாய்க்கு 25 டீ வீதம் விற்பனை குறைகிறது என்று அர்த்தம். இது சாய்வு, நெகிழ்ச்சி அல்ல. ஈ-யும் சாய்வுதான், 2 ரூபாயை 50 டீயால் வகுத்தது. பொருளியலில் ஆங்கிலேய அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் காலத்திலிருந்து விலையைச் செங்குத்து அச்சில் வைத்து வரைவதால், தாளில் கண்ணுக்குத் தெரியும் கோட்டின் சாய்வு -0.04. ஆக நான்கில் இரண்டு விடைகள் சாய்வை நெகிழ்ச்சியென்று நினைப்பவருக்காகவே வைத்தவை.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழில் 'வீதம்' என்றால் என்ன? "ஆளுக்கு இரண்டு வீதம் கொடு" என்கிறோம், "மூட்டைக்குப் பத்து ரூபாய் வீதம் கூலி" என்கிறோம். ஒன்றுக்கு இவ்வளவு என்பதுதான் வீதம். அப்படியிருக்க 'தேவை மாற்ற வீதம்' என்றால் தமிழ் காதுள்ள எவரும் "ஒரு ரூபாய் ஏறினால் எத்தனை டீ குறையும்" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சொல்லுக்கு அவள் கண்டுபிடித்த விடை மிகச் சரி. சொல்தான் தப்பு.

சரி, அதைத் 'தேவைச் சதவீத மாற்ற வீதம்' என்று நீட்டினால் போதாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். போதாது, விலைப் பக்கமும் சதவீதம்தான் என்பது அதில் வரவே இல்லை. அதையும் சேர்த்தால் அது சொல்லாக இருக்காது, வாய்பாடாகிவிடும்.

மூலச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதை 'எலாஸ்டிசிட்டி' என்பார்கள். கிரேக்கத்தில் அடித்து நீட்டக்கூடியது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்து, 17ஆம் நூற்றாண்டில் இயற்பியலுக்குள் நுழைந்தது. மார்ஷல் 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலில் அதைத் தேவைக்குப் பயன்படுத்தினார். விலை இவ்வளவு இறங்கினால் தேவை மிகுதியாகக் கூடுகிறதா, கொஞ்சமாகக் கூடுகிறதா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நம் இயற்பியல் பாடத்தில் அதே சொல்லுக்கு 'மீட்சி' என்று இருக்கிறது. அதனால் பொருளியலிலும் 'தேவை மீட்சி' என்று வைக்க வேண்டும், நெகிழ்ச்சி என்பது இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாத நெகிழிக்குரிய குணம், அது நேர் எதிர்ப்பொருள் ஆகிவிடும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் யோசித்துச் செய்த வாதம் அது. ஆனால் ரப்பர் இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது, மீட்சி என்ற பெயர் அந்தத் திரும்புதலுக்கு உரியது. தேவை நெகிழ்ச்சியில் எதுவும் திரும்புவதில்லை. விலை அழுத்தும்போது தேவை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது மட்டுமே கேள்வி. சங்கப் பாடல்களில் தலைவியின் கை மெலிய வளை நெகிழும். மனம் நெகிழ்ந்தது என்று இன்றும் சொல்கிறோம். இறுக்கம் விட்டு இடம் கொடுப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் தேவையைக் 'கேள்வி' என்கின்றன, ஆனால் அங்கும் நெகிழ்ச்சி நெகிழ்ச்சிதான். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் பழகிய ஒரு நல்ல சொல்லை எதற்குக் கலைக்க வேண்டும்?

அக்கா மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு. விலையைப் பைசாவில் எழுதிப் பார். 1000 பைசா 1200 ஆனது. இப்போது 50-ஐ 200-ஆல் வகுத்தால் 0.25 தான் வருகிறது, 25 காணாமல் போய்விட்டது. ஆனால் விலை ஏற்றம் அதே 20 சதவீதம், நெகிழ்ச்சி அதே -0.5. ரூபாயைப் பைசாவாக்கினால் மாறிவிடுகிற விடை எதுவோ அது சாய்வு. நெகிழ்ச்சிக்கு அலகே கிடையாது.

அப்புறம் அவள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள்: "மாமா, கோடு நேர்கோடுதானே, எல்லா இடத்திலும் சாய்வு ஒன்று என்றால் நெகிழ்ச்சியும் ஒன்றாகத்தானே இருக்கும்?" இல்லை. நம் கடையின் கோட்டை நீட்டிப் பார்த்தோம். ரூபாய்க்கு 25 டீ குறைகிற அதே கோட்டில், விலை 20 ரூபாயாகும்போது விற்பனை 250. அங்கிருந்து 2 ரூபாய் ஏறினால் விலை 10 சதவீதம்தான் ஏறுகிறது, அதே 50 டீ குறைவது இப்போது 20 சதவீதம். நெகிழ்ச்சி -2. சாய்வு அசையவில்லை, நெகிழ்ச்சி நான்கு மடங்காகிவிட்டது. சாய்வை விலையால் பெருக்கி அளவால் வகுத்தால்தான் நெகிழ்ச்சி. 25 பெருக்கல் 10 வகுத்தல் 500, அதே 0.5. "செங்குத்தான கோடு என்றால் நெகிழ்ச்சி குறைந்த தேவை" என்று அந்தக் குறிப்பேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருப்பதும் இதனால் அப்படியே நிற்காது. இரண்டு கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டும்போது, அந்தப் புள்ளியில் மட்டும் அப்படி ஒப்பிடலாம்.

இதோடு இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. நெகிழ்ச்சியின் மதிப்பு சரியாக 1 ஆக இருப்பதை 'அலகு நெகிழ்ச்சி' என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருக்கும் 'யூனிட்' என்ற சொல்லுக்கு ஒன்று என்றும் பொருள், அலகு என்றும் பொருள். அகராதியில் கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துவிட்டார்கள். அலகே இல்லாத ஒன்றுக்கு அலகு என்று பெயர் வைத்துவிட்டு, பிள்ளைகள் அதை ரூபாயிலும் டீயிலும் அளக்கிறார்கள் என்று வருத்தப்பட்டு என்ன செய்வது? நம் கோட்டில் விலை 15 ரூபாய், விற்பனை 375 டீ இருக்கிற இடம் அது. அங்கே விலை ஒரு சதவீதம் ஏறினால் தேவை ஒரு சதவீதம் குறையும். 'ஒத்த நெகிழ்ச்சி' என்று அவளிடம் சொன்னேன். விலை எவ்வளவோ தேவையும் அவ்வளவா என்று உடனே கேட்டாள். ஆமாம் என்றேன்.