படபடப்பு வேறு, நடுக்கம் வேறு, விரைதுடிப்பு வேறு

டர்பன், சாட்ஸ்வர்த் பக்கத்து முதியோருக்குத் தமிழில் எழுதித் தரப்படும் இதயநோய்த் தாள்களில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்பதற்குப் ‘படபடப்பு’ என்று போடுகிறார்கள். ‘வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா’வுக்குக் ‘கீழறைப் படபடப்பு’. பொதுமருத்துவ நிபுணராவதற்கான எஃப்.சி.பி. தேர்வுக்குப் படிக்கும் இளம் மருத்துவர்களும் பாட்டிமாரிடம் தமிழில் பேச நேர்ந்தால் இதே சொல்லைத்தான் எடுக்கிறார்கள். இந்தச் சொல் தவறு.

வேர் எளிது. ஃபிப்ரிலா என்றால் லத்தீனில் சிறு நார். தசைநார்கள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல் தனித்தனியே அதிர்வதே ஃபிப்ரிலேஷன். டாக்கிஸ் என்பது கிரேக்கத்தில் விரைவு, கார்டியா இதயம். முன்னது ஒழுங்கு குலைந்ததைச் சொல்கிறது; பின்னது வேகத்தை மட்டுமே சொல்கிறது.

படபடப்பு என்பது நோயாளி நெஞ்சில் உணர்வது. மாடி ஏறினாலும் வரும், பயந்தாலும் வரும். நோய்க்குறியின் பெயரை நோய்க்கு வைத்தால், குறி இல்லாதவருக்கு நோயே இல்லை என்றாகிவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள பலருக்குப் படபடப்பே இருக்காது. பக்கவாதம் வந்த பிறகுதான் நோய் தெரியவரும். இன்னொரு கோளாறும் உண்டு. சிறகடிப்பதைச் சொல்லும் இச்சொல் உண்மையில் பொருந்துவது ‘ஏட்ரியல் ஃப்ளட்டர்’ என்ற மூன்றாவது நிலைக்கு. அங்கே மேலறை நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை ஒழுங்காக அடிக்கும்; இரண்டுக்கு ஒன்று கீழே இறங்கினால் நாடி 150. ஆக, ஒரு சொல்லுக்கு மூன்று நோய்கள் உரிமை கொண்டாடுகின்றன. ‘மிகைத்துடிப்பு’ என்று சிலர் எழுதுவதும் உதவாது. மிகை என்றால் கூடுதலாக விழும் ஒற்றைத் துடிப்பு என்றும் கொள்ளலாம்; அது வேறு நிலை.

என் கணக்கில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ‘மேலறை நடுக்கம்’, வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா ‘கீழறை விரைதுடிப்பு’. குளிரில் நடுங்கும் கை எதையும் பிடிக்காது. நடுங்கும் மேலறையும் ரத்தத்தைத் தள்ளாது. தேங்கிய ரத்தம் உறையும்.

இந்த வேறுபாடு தேர்வறையிலும் உயிர் காக்கும். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வயது 62, பழைய மாரடைப்பு. நாடி 170. இசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் அகலம் 160 மில்லிவினாடி, இடைவெளிகள் எல்லாம் சமம். ரத்த அழுத்தம் 110/70, பேசுகிறார். முதலில் ஒழுங்கைப் பாருங்கள். ஒழுங்கான அகலத் துடிப்பு, அதுவும் வடுப்பட்ட இதயத்தில் என்றால், வேறு என்று நிறுவும்வரை அது கீழறை விரைதுடிப்பே. மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகள் தம் போக்கில் தனியே ஓடினால் ஐயமே இல்லை. பேசுகிறாரே, நிலையாகத்தானே இருக்கிறார் என்று மேலிருந்து வரும் துடிப்பாக எண்ணி, அதை அடக்கும் வெராப்பமில் மருந்தை ஏற்றுவதுதான் வழக்கமான பிழை. அது ரத்தக்குழாயைத் தளர்த்தும், வடுப்பட்ட கீழறையின் சுருக்கத்தையும் குறைக்கும், அழுத்தம் சரிந்துவிடும். இவருக்குச் சிரைவழி அமியோடரோன் 300 மி.கி., 10 முதல் 60 நிமிடங்களில். கூடவே பொட்டாசியம், மக்னீசியம் பார்க்க வேண்டும். அழுத்தம் விழுந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, நுரையீரலில் நீர் வந்தாலோ, மயக்கமருந்து கொடுத்து, இதயத் துடிப்போடு ஒத்திசைத்த மின்னதிர்ச்சி. நாடியே இல்லையென்றால் ஒத்திசைவு பார்க்கக் கூடாது; நெஞ்சை அழுத்தத் தொடங்கி, கருவி தயாரானதும் கையை எடுத்து உடனே அதிர்ச்சி.

மாறாக, நாடி 140, கியூஆர்எஸ் குறுகல், பி அலை இல்லை, எந்த இரு இடைவெளியும் ஒத்துப்போகவில்லை என்றால் மேலறை நடுக்கம். நிலைகுலைந்தவருக்கு இங்கும் ஒத்திசைத்த அதிர்ச்சிதான். நிலையானவருக்கு பீட்டா தடுப்பான் கொடுத்து வேகத்தைக் குறைத்தால் போதும். இதயம் தளர்ந்து நீர் கோத்திருந்தால் டிகாக்சின். எப்போது தொடங்கியது என்று தெரியாத நடுக்கத்தை, அவசரம் இல்லாதபோது, உடனே இயல்பான துடிப்புக்குத் திருப்பக் கூடாது. மூன்று வாரம் உறைவுத்தடுப்பு மருந்து கொடுத்த பிறகோ, உணவுக்குழாய்வழி எக்கோவில் உறைகட்டி இல்லை என்று கண்ட பிறகோ திருப்பலாம். திருப்பிய பின்னும் குறைந்தது நான்கு வாரம் மருந்து தொடர வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் தேர்வாளர் தவறவிடக் கூடாத ஒன்று, கீல்வாதக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வு. சுருக்கம் நடுத்தரமோ கடுமையோ ஆனால், நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. உறைவுத்தடுப்பு மருந்தான வார்ஃபரின் கட்டாயம்; ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். புதிய உறைவுத்தடுப்பு மாத்திரைகள் இவர்களுக்கு ஈடாகாது. 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் அவற்றுள் ஒன்றான ரிவராக்சபான் பின்தங்கியது.

இப்போது அந்தத் தாளுக்குத் திரும்புவோம். ‘படபடப்புக்கு வார்ஃபரின்’ என்று படித்த பாட்டி, படபடப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார். பீட்டா தடுப்பான் வேகத்தைத்தான் அடக்கியது. மேலறை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அந்த வரியை இப்படி எழுதட்டும்: ‘உங்கள் மேலறை நடுங்குகிறது. அதில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகாமல் இருக்கவே இந்த மாத்திரை. நெஞ்சு அமைதியானாலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.’